வாடினதா, அழுகினதா? கீரையையும் வெட்டின மரக்கறியையும் தரம் பிரிக்கும் முறை

திருகோணமலை நகரத்தில் மத்தியானச் சோற்றுப் பார்சல் போடும் சிறிய சமையலறை ஒன்றை நடத்துகிறேன். சந்தைக்கு அனுப்பும் பிள்ளைகள் புதிதாக வரும்போது முதல் இரண்டு வாரமும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். வாடிக் கிடக்கும் நல்ல கீரையை விட்டுவிட்டு, தண்ணீர் தெளித்து மினுங்க வைத்த அழுகல் கீரையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வாடல் என்பது இலையில் இருந்து தண்ணீர் போனது. இலை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, தண்ணீர் கொடுத்தால் திரும்பும். அழுகல் என்பது இலையின் கலங்களை ஒட்டி வைத்திருக்கும் பசையைப் பற்றீரியா கரைத்துவிட்டது. அது எதைச் செய்தாலும் திரும்பாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் பிரிப்பதற்குத்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஒரு படி அடுத்த படிக்கு வழி விடுகிறது.

1. போவதற்கு முன்: உலர்ந்த கையும் உலர்ந்த பையும்

இரண்டு துணிப் பை, கை துடைக்க ஒரு உலர்ந்த துவாய், இரண்டு மூன்று பழைய பத்திரிகைத் தாள். இவ்வளவும் போதும். துவாய் ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள். ஈரக் கையால் இலையைத் தொட்டால் தண்ணீர் எது, வழுவழுப்பு எது என்று விரலுக்குத் தெரியாது. ஒரு கட்டைத் தொட்டபின் கையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் முதல் கட்டின் பிசுபிசுப்பு விரலில் ஒட்டியிருந்து, நல்ல கட்டையும் பழுது என்று சொல்ல வைக்கும்.

நேரமும் முக்கியம். சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்தில் இருந்து வரும் கீரை விடியற்காலையில் பிடுங்கியதாக இருக்கும். கரட், கோவா, லீக்ஸ் மலைநாட்டில் இருந்து தம்புள்ளை வழியாக லொறியில் வருபவை. கீரையைக் காலை எட்டு மணிக்கு முன் வாங்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு எல்லாக் கட்டுமே வாடித்தான் நிற்கும். அப்போது கண்ணால் மட்டும் பார்த்து எதையும் பிரிக்க முடியாது.

2. கட்டை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள்

சந்தையில் கடைகளுக்கு மேலே நீலத் தறப்பாளோ செம்மஞ்சள் தறப்பாளோ கட்டியிருப்பார்கள். நீலத்தின் கீழ் மஞ்சளித்த இலை பச்சையாகத் தெரியும். செம்மஞ்சளின் கீழ் நல்ல பச்சைகூடப் பழுத்ததுபோலத் தெரியும். எனவே நிறத்தைப் பற்றி முடிவெடுக்க முன் கட்டைக் கையில் எடுத்து இரண்டு எட்டு வெளியே வந்து வெயிலில் பாருங்கள். வழக்கமாக வாங்குபவரை வியாபாரி தடுக்க மாட்டார்.

வெளியே வந்ததும் கட்டைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை உதறுங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் சற்று முன்புதான் தெளித்திருக்கிறார்கள். தெளிப்பது பிழையில்லை, வெயிலில் கீரையை வைத்து விற்பவர் வேறு என்ன செய்வார்? ஆனால் தெளித்த கட்டின் பளபளப்பை நம்பக்கூடாது. நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும் கட்டு உள்ளே வேகமாக அழுகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

3. இலையை விடுங்கள், கட்டு விழுந்த இடத்தைப் பாருங்கள்

புதியவர்கள் இலையைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது நாரோ ரப்பரோ இறுக்கிக் கட்டிய இடத்தை. கட்டின் நடுவில் தண்டுகள் ஒன்றையொன்று நெரிக்கின்றன, நெரிந்த இடத்தில் தோல் கிழிகிறது, காற்று போகாது, தண்ணீர் தேங்குகிறது. பிடுங்கிய கீரையும் மூச்சு விடும், அதனால் கட்டின் நடுவில் சூடும் ஏறும். பற்றீரியா தொடங்குவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. வெளி இலை பச்சையாகவே இருக்க, நடு தண்டு கரைந்துகொண்டிருக்கும்.

முதலில் மணந்து பாருங்கள். கட்டின் இடத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, தண்டுகளைச் சற்று விலக்கி மணக்க வேண்டும். நல்ல கீரையில் மண் வாசமும் பச்சை வாசமும் வரும். அழுகல் தொடங்கியதில் தேங்கிய சாக்கடைத் தண்ணீர் போல ஒரு புளித்த நாற்றம் வரும். தொடுவதற்கு முன் மணக்கச் சொல்வதற்குக் காரணம், கெட்டதைத் தொட்ட கையில் நாற்றம் தங்கிவிடும். பிறகு எதை மணந்தாலும் அதே நாற்றம்தான்.

அடுத்தது சுட்டுவிரலைக் கட்டுக்குள் நுழைத்து நடுவில் இருக்கும் ஒரு தண்டைப் பெருவிரலோடு சேர்த்து உருட்டுங்கள். நல்ல தண்டு ஈரமாக இருந்தாலும் விரலுக்குச் சற்றுப் பிடிக்கும். அழுகல் தொடங்கிய தண்டு சவர்க்காரம் பூசியது போல வழுக்கும். இன்னும் முற்றியிருந்தால் தோல் கழன்று விரலோடு வந்துவிடும், உள்ளே நார் மட்டும் மிஞ்சும். நடுவில் ஒரேயொரு தண்டு இப்படி இருந்தாலும் நான் அந்தக் கட்டை எடுப்பதில்லை. அந்த ஒன்றின் வழுவழுப்புத் தண்ணீர் பக்கத்துத் தண்டுகளிலும் ஊறியிருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்வதற்குள் அவையும் தொடங்கிவிடும்.

இதில் ஒரு பெரிய குழப்பம் பசளியில் வரும். பசளிக்குக் கொழகொழப்பு இயற்கை. வெண்டிக்காய்க்கும் அப்படித்தான். போன வருடம் சேர்ந்த பிள்ளை ஒன்று, "அக்கா, பசளி முழுக்க வழுக்குது, பழுதாப் போச்சு" என்று நல்ல கட்டை வீசப் பார்த்தாள். நான் ஒரு இலையை அவள் கையில் கொடுத்து மேற்பக்கத்தைத் தடவச் சொன்னேன். வழுக்கவில்லை. பிறகு கிள்ளச் சொன்னேன். கிள்ளிய இடத்தில்தான் தெளிந்த பசை வந்தது, மணமும் இல்லை. அழுகல் பசை முறியாத தோலின் மேலேயே இருக்கும், கலங்கலாக இருக்கும், நாறும். முறித்தால் மட்டும் வருவது செடியின் சொந்தப் பசை.

4. வாடலைச் சோதிப்பது

நடுத்தண்டு சுத்தமாக இருந்தால் மட்டுமே இந்தப் படிக்கு வாருங்கள். ஒரு தண்டின் அடியை நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்கும்போது சாறு கசிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. பிறகு வளைத்துப் பாருங்கள். முளைக்கீரைத் தண்டு புதிதாக இருந்தால் "டக்" என்று முறியும். சற்று வாடினது முறியாமல் வளையும். வளைந்தாலும் பச்சையாக, வழுக்காமல் இருந்தால் அது வாடல்தான், தைரியமாக வாங்கலாம். விலையும் குறைத்துத் தருவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, தண்டின் அடியில் அரை அங்குலம் வெட்டி, ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீர் விட்டுத் தண்டுப் பக்கம் மூழ்கும்படி வையுங்கள். அடியை வெட்டுவதன் காரணம், காய்ந்துபோன வெட்டு வாய் தண்ணீரை இழுக்காது. இருபது நிமிடம் முதல் அரை மணித்தியாலத்துக்குள் வாடிய வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் எல்லாம் நிமிர்ந்துவிடும். அரை மணித்தியாலம் கழித்தும் துவண்டே கிடக்கும் இலையின் கலங்கள் செத்துவிட்டன. அதைப் பிரித்து எறியுங்கள்.

முழுக் கட்டையும் அவிழ்க்காமல் தண்ணீருக்குள் அமிழ்த்தி மணிக்கணக்காக விடுவது பிழை. இலை மூழ்கிக் கிடந்தால் காற்றில்லாமல் கறுக்கும், உள்ளே ஒரு அழுகல் தண்டு இருந்தால் அதன் கிருமி பேசின் முழுக்கப் பரவும்.

முருங்கை இலை இந்தச் சோதனைக்கு உட்படாது. அது ஒடித்துச் சில மணித்தியாலத்திலேயே துவண்டு, காம்பை உதறினால் இலை பொலபொலவென்று கொட்டும். கொட்டுவது வயதைத்தான் காட்டுகிறது. கொட்டிய இலை பச்சையாக, உலர்ந்து இருந்தால் வறைக்கு எடுக்கலாம். சொப்பின் பைக்குள் அடைத்து வெயிலில் வைத்து, வெந்ததுபோலக் கறுத்துக் கட்டியாக ஒட்டிக் கிடப்பது மட்டும் கூடாது.

5. நிறம் சொல்வது

அடி இலை மஞ்சளிப்பது மூப்பு. பச்சையம் உடைகிறது, அவ்வளவுதான். மஞ்சள் இலை வழுக்காமல் இருந்தால் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். முழுக் கட்டும் ஒரே நாளில் மஞ்சளித்தால் அதை எங்கே வைத்தீர்கள் என்று யோசியுங்கள். பழுக்கும் வாழைக்குலை, மாம்பழம், தக்காளி இவற்றிலிருந்து எதிலீன் என்ற வாயு வரும். அது கீரையையும் பழுக்க வைக்கும். எங்கள் சமையலறையில் வாழைக்குலை தொங்கும் மூலையில் கீரை வைக்க விடுவதில்லை.

பச்சை கறுத்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஈரத் திட்டாக மாறினால் அது மூப்பில்லை. அந்த இடத்தில் கலங்கள் உடைந்து சாறு வெளியே வந்துவிட்டது. இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் எண்ணெய் பட்ட தாள்போலத் தெரியும். இன்றைக்குத் திட்டாக இருப்பது நாளைக்கு வழுவழுப்பு.

சிவப்புக் கீரையில் கறுப்பைக் கண்டுபிடிப்பது கடினம். அதற்குத் தண்ணீர்தான் துணை. ஒரு கைப்பிடியை வெள்ளைக் கோப்பைத் தண்ணீரில் ஒருமுறை தோய்த்து எடுங்கள். நல்ல கீரையில் வெட்டு வாயில் இருந்து மட்டும் லேசான இளஞ்சிவப்பு வரும். கலங்கள் உடைந்த கீரை தண்ணீரை உடனே சிவப்பாக்கிவிடும். கடையில் சாக்கின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கியிருந்தாலும் அதே பொருள்தான்.

6. புள்ளிகளைப் பயந்து எறியாதீர்கள், ஆனால் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஓட்டை விழுந்து, ஓட்டையின் விளிம்பு காய்ந்திருந்தால் பூச்சி தின்றது. சமைக்கலாம். இலைக்குள் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து ஓடினால் உள்ளே புழு சுரங்கம் போட்டிருக்கிறது. அந்த இலையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பொன்னாங்காணி, கங்குன், முளைக்கீரை இவற்றில் இலையின் மேல்பக்கம் வெளிர் மஞ்சள் புள்ளியும், அதற்கு நேர் பின்னால் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளைக் கொப்புளமும் இருந்தால் அது வெண்துரு என்ற செடி நோய். மனிதருக்குத் தொற்றாது, ஆனால் நிறைய இருந்தால் சுவையும் கெடும், ஆய்ந்தெடுக்க நேரமும் போகும். ஒரு கட்டில் நாலைந்து இலை என்றால் நான் எடுப்பேன்.

தள்ள வேண்டியது ஈரப் புள்ளி. நடு பழுப்பாக, ஓரம் தண்ணீர் ஊறி, விரலால் தடவும்போது பள்ளம் விழுந்து தோல் உரியும் புள்ளி. காய்ந்த புள்ளி பெரும்பாலும் வயலில் நடந்து முடிந்த கதை, ஈரப் புள்ளி இப்போது நடந்துகொண்டிருப்பது.

வல்லாரைக்கு மட்டும் நான் கடுமை. வல்லாரைச் சம்பலைப் பச்சையாகச் சாப்பிடுகிறோம், சூடு எதையும் கொல்லப் போவதில்லை. ஈரப் புள்ளி ஒன்று கண்டாலும், காம்பில் சேறு அப்பியிருந்தாலும் சம்பலுக்கு எடுப்பதில்லை. பார்வைக்குப் புதிதாக இருப்பது கிருமி இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அதனால் நல்லதையும் ஓடும் தண்ணீரில் காம்பு காம்பாகக் கழுவியே அரிய வேண்டும். உப்புத் தண்ணீர் பூச்சியைக் கழற்றும், ஆனால் கிருமியைக் கொல்லும் என்று நம்பாதீர்கள்.

7. வெட்டின மரக்கறி: முதலில் பக்கெட்டின் அடி

வெட்டினதும் தோல் என்ற காவல் போய்விடுகிறது. முழுப் பூசணி மாதக்கணக்கில் கிடக்கும், கீறிய துண்டு எங்கள் வெக்கையில் ஒரு நாள் தாண்டாது. வெட்டிய மரக்கறி வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொது விதி. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான். திருகோணமலையில் வருடத்தில் பாதி அந்தக் கணக்குத்தான். ஆகவே எப்போது வெட்டியது என்று முதலில் கேளுங்கள்.

பக்கெட்டைக் கையில் எடுத்து ஒரு மூலை கீழே வரும்படி சாய்த்துப் பிடியுங்கள். உட்பக்கத்தில் ஆவித் துளி மட்டும் என்றால் மரக்கறி மூச்சு விட்டிருக்கிறது, பரவாயில்லை. மூலையில் தண்ணீர் சேர்ந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் உடனே சமைக்கலாம். கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருந்தால் அதில் பற்றீரியா பெருகியிருக்கிறது. பை ஊதியிருந்தால் உள்ளே புளிக்கத் தொடங்கிவிட்டது, திறந்துகூடப் பார்க்க வேண்டாம்.

பிறகு காய் காயாகப் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும்.

பூசணித் துண்டில் சதையைப் பார்க்காதீர்கள், விதை ஒட்டியிருக்கும் நாரைப் பாருங்கள். அழுகல் அங்கேதான் தொடங்கும். நார் செம்மஞ்சளாக, இழுத்தால் இழையாக வர வேண்டும். பழுப்பாகி, குழைந்து வழுக்கினால் சதை நன்றாகத் தெரிந்தாலும் வாங்காதீர்கள். கடைக்காரர் நாரைச் சுரண்டி எடுத்துவிட்டு வைத்திருந்தால், குழிந்த பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

கரட்டின் மேல் வெள்ளைப் பூச்சுப்போல இருப்பது காய்ந்ததால் வருவது. தண்ணீர் தொட்டால் மறையும். பூஞ்சணம் என்று நினைத்து எறிபவர்கள் நிறைய. பஞ்சுபோல நுனி எழும்பி நின்றால்தான் பூஞ்சணம்.

கத்தரிக்காய் வெட்டின கொஞ்ச நேரத்தில் பழுப்பாவது காற்றுப்பட்டு வரும் நிறமாற்றம், அழுகல் அல்ல. வாழைப்பூவும் அப்படியே. அமத்தினால் நொளுநொளுவென்று உள்ளே போனால்தான் கெட்டது.

கோவாவின் வெட்டு முகம் பழுப்பாக இருந்தால் ஒரு சீவல் சீவிவிட்டால் போதும். இலையில் மிளகு தூவினது போலச் சின்னக் கறுப்புப் புள்ளி இருப்பதும் தீங்கில்லை. நடுத்தண்டு வழுக்கினால் மட்டும் முழுத் துண்டையும் விடுங்கள்.

போஞ்சியின் வெட்டு நுனி துருப்பிடித்ததுபோல ஆவது சாதாரணம். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது நூல் இழுத்தால் அது கெட்டது.

8. ஒரு பக்கெட்டைப் பிரித்த கணக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பதினொரு மணிக்கு, அரைக் கிலோ சாம்பார்ப் பக்கெட் இரண்டும் பொன்னாங்காணி ஆறு கட்டும் வந்தன. வாங்கியவள் அதே பசளிப் பிள்ளை. கடையில் காலையில் வெட்டியது என்று மட்டும் சொன்னார்களாம், மணி சொல்லவில்லை.

முதல் பக்கெட்டைச் சாய்த்தோம். மூலையில் ஒரு தேக்கரண்டி தண்ணீர், தெளிந்திருந்தது. திறந்து தட்டில் பரப்பினோம். கரட் வெளுத்திருந்தது, கத்தரிக்காய் பழுப்பு நிறம், போஞ்சி தனித்தனியாக உதிர்ந்தது. பூசணி ஒன்பது துண்டில் இரண்டு துண்டின் நார்ப் பக்கம் சற்று மென்மை, வழுக்கல் இல்லை, மணமும் இல்லை. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கழுவி உடனே அடுப்பில் ஏற்றினோம்.

இரண்டாவது பக்கெட் மேலே பார்க்க முதலாவதைவிட நிறமாக இருந்தது. சாய்த்தபோது மூலையில் வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர். அவள் பூசணியை மட்டும் எடுத்தால் மற்றதைக் கழுவிப் பாவிக்கலாமே என்று கேட்டாள். கரட் துண்டு ஒன்றை எடுத்து அவள் விரலில் வைத்தேன். கரட் கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் மேல் வழுக்கியது, கழுவியபின்னும் வழுக்கியது. பூசணியில் தொடங்கியது அந்தத் தண்ணீர் வழியாக எல்லாத் துண்டுக்கும் போய்விட்டது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் கிருமி விட்ட சில நஞ்சுகள் கொதித்தாலும் போகாது. முழுப் பக்கெட்டும் குப்பைக்குப் போனது.

பொன்னாங்காணி ஆறு கட்டும் துவண்டு கிடந்தன. ஒவ்வொன்றாக அவிழ்த்து நடுவை மணந்தோம். நாலில் பச்சை வாசம். ஒன்றில் நடுவில் மூன்று தண்டு வழுக்கியது. சந்தையில் என்றால் அதை எடுத்தே இருக்க மாட்டோம், காசு கொடுத்து வந்துவிட்டதால் அந்த மூன்றையும் அதைத் தொட்டுக் கிடந்த ஒரு பிடியையும் எறிந்து, மிச்சத்தைத் தனிப் பேசினில் போட்டோம். ஆறாவது கட்டு பிரித்ததுமே நாறியது, அப்படியே போனது.

தண்டு அடியை வெட்டித் தண்ணீரில் வைத்தது பதினொன்றே கால் மணிக்கு. பதினொன்று நாற்பதுக்கு நாலு கட்டும் நிமிர்ந்து நின்றன. தனிப் பேசினில் இருந்ததில் பாதி நிமிர்ந்தது, பாதி துவண்டே கிடந்தது, நிமிர்ந்ததை மட்டும் எடுத்தோம். நிமிர்ந்ததெல்லாம் பன்னிரண்டு மணிக்கு வறையாகிப் பார்சலுக்குள் போனது. அடுத்த சனிக்கிழமை அவள் ஏழரைக்கே சந்தைக்குப் போய், பூசணியை முழுக் காயாக வாங்கிக்கொண்டு வந்தாள்.